மாக்குலர் ஹோல்: தலை கவிழ்ந்திருக்க வேண்டிய அந்த ஐந்து நாட்கள்

கேள்வி: எனக்கு வயது 63. நான்கு மாதங்களாக வலது கண்ணில் நேர்கோடுகள் நடுவில் நெளிந்து தெரிகின்றன. படிக்கும்போது சொல்லின் நடு எழுத்துகள் காணாமல் போகின்றன. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ‘மாக்குலர் ஹோல், 460 மைக்ரான்’ என்றார்கள். விட்ரெக்டமி செய்து கண்ணுக்குள் வாயு நிரப்புவார்களாம், பிறகு ஐந்து நாள் குப்புறவே இருக்க வேண்டுமாம். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. பத்து நிமிடம் குனிந்தாலே வலி வந்துவிடும். சொட்டு மருந்தில் சரியாகாதா? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா? குப்புற இருக்க முடியாமல் போனால் செய்த ஆபரேஷன் வீணாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்களை அதிகம் பயமுறுத்துவது கடைசிக் கேள்விதான் என்று தோன்றுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நடுவே சில மணி நேரம் தவறிவிட்டால் ஆபரேஷன் வீணாகாது. ஆனால் உங்கள் ஓட்டையின் அளவுக்குக் குப்புற இருப்பது பலன் தரும், ஆகவே முயன்றே ஆக வேண்டும். கழுத்தை அதிகம் வருத்தாமல் அதைச் செய்ய வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் கண்ணுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால், டாக்டர் எதை ஏன் சொல்கிறார் என்பதும் எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கண்ணின் உட்குழி முழுவதும் விட்ரியஸ் என்ற தெளிவான கூழ் நிறைந்திருக்கிறது. வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கி, பின்னால் இருக்கும் ரெட்டினா என்ற விழித்திரையிலிருந்து மெல்லப் பிரியும். எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும் அது ரெட்டினாவின் நட்டநடுப் புள்ளியில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு, மற்ற இடங்களில் மட்டும் பிரிகிறது. அப்போது அந்த ஒரு புள்ளி இழுபடுகிறது. நாம் படிக்க, முகம் பார்க்க, ஊசியில் நூல் கோக்கப் பயன்படுத்தும் மாக்குலா என்ற இடம் அதுதான். அங்கே ரெட்டினா மிக மெல்லியது. இழுப்புத் தாங்காமல் அது விரிந்து திறந்துகொள்வதையே மாக்குலர் ஹோல் என்கிறோம். நீங்கள் அதிகம் படித்ததாலோ, போன் பார்த்ததாலோ, சரியான கண்ணாடி போடாததாலோ இது வரவில்லை.

ஓட்டை என்றதும் அங்கிருந்த செல்களெல்லாம் அழிந்துவிட்டன என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவை சுற்றிலும் ஒதுக்கித் தள்ளப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். நடுவில் இருக்க வேண்டிய செல் ஓரத்துக்குப் போய்விட்டது, ஆனால் மூளை அதைப் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துப் படம் வரைகிறது. ஓரத்தில் விழுந்த பிம்பம் நடுவில் இருப்பதாகத் தெரிவதால்தான் கதவு நிலையின் நேர்கோடு நடுவை நோக்கி உள்ளே வளைகிறது, எதிரில் இருப்பவரின் மூக்கைச் சுற்றி முகம் சுருங்குகிறது. செல்கள் இன்னும் அங்கேயே இருப்பதால்தான் ஓட்டையை மூடினால் பார்வை மீளும் என்று நம்ப முடிகிறது. நாளாக ஆக, ஓட்டையின் விளிம்பு வீங்கி உயர்ந்து, அந்தச் செல்களும் நலிய ஆரம்பிக்கும்.

அதனால்தான் பொறுத்துப் பார்க்க வேண்டாம் என்கிறேன். மிகச் சிறிய ஓட்டைகள் அபூர்வமாகத் தாமே மூடுவதுண்டு. வீக்கத்தோடு கூடிய சில சின்ன ஓட்டைகள் சொட்டு மருந்தில் மூடியதும் உண்டு. ஆனால் 250 மைக்ரானுக்குள் இருப்பதைத்தான் சிறியது என்கிறோம். 400ஐத் தாண்டினால் பெரியது. உங்களுடையது 460, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதுவும் நான்கு மாதமாகத் திறந்திருக்கிறது. இதைச் சொட்டு மருந்து மூடாது. அதற்காக நாளைக்கே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ள இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தள்ளிப் போடாதீர்கள்.

1991 வரை இந்த நோய்க்கு வைத்தியமே இல்லை என்றுதான் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டு கெல்லி, வெண்டல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், கூழை எடுத்துவிட்டு வாயுவை நிரப்பி, நோயாளிகளைக் குறைந்தது ஒரு வாரம் குப்புற இருக்கச் செய்து, 52 கண்களில் 58 சதவீதம் மூடியதாக வெளியிட்டார்கள். இன்று முதல் ஆபரேஷனிலேயே பத்தில் ஒன்பது ஓட்டைகளுக்கு மேல் மூடுகின்றன. பெரிய ஓட்டைகளில் அந்த விகிதம் கொஞ்சம் குறையும், ஆனாலும் நல்ல விகிதம்தான்.

ஆபரேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழி ஓரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தள்ளி, அரை மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று துளைகள் போட்டுக் கூழை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள், விட்ரெக்டமி என்பது இதுதான். அடுத்து, ஓட்டையைச் சுற்றி ரெட்டினாவின் மேல் படிந்திருக்கும் மிக மெல்லிய சவ்வை நீலச் சாயம் பூசி அடையாளம் கண்டு, நுண்ணிய இடுக்கியால் உரிப்பார்கள். சில மைக்ரான் மட்டுமே தடிப்புள்ள சவ்வு அது. அதை உரித்த பிறகுதான் ஓட்டையின் விளிம்புகள் தளர்ந்து நெருங்கி வரும். பெரிய ஓட்டைகளில் சில சமயம் அந்தச் சவ்வை முழுக்க எடுத்துவிடாமல், ஒரு துண்டை மடித்து ஓட்டையின் மேலேயே மூடி வைப்பதும் உண்டு. கடைசியில் உள்ளே இருக்கும் திரவத்தை வெளியே எடுத்துவிட்டு வாயுவை நிரப்புவார்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அங்கிருந்து உங்கள் வேலை ஆரம்பமாகிறது.

வாயுக் குமிழி ஓட்டையை அழுத்தி மூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முக்கியமான வேலை, ஓட்டையை ஈரமில்லாமல் வைத்திருப்பது. கண்ணுக்குள் சுரக்கும் திரவம் ஓட்டைக்குள் புகுந்தபடி இருந்தால் விளிம்புகள் ஒட்டாது. குமிழி அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் புதிதாகத் திரவம் வராது. உள்ளே தேங்கியதை ரெட்டினாவின் அடியிலுள்ள செல்கள் உறிஞ்சிவிடும். பிறகு தாங்கு செல்கள் குமிழியின் பரப்பைப் பிடித்துக்கொண்டு இரு கரையிலிருந்தும் வளர்ந்து பாலம் போடும். இந்தப் பாலம் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே போடப்பட்டுவிடுகிறது. ஐந்து நாள் என்று சொல்வதன் காரணம் இதுதான். முதல் மூன்று நாளில் நீங்கள் காட்டும் கவனத்துக்கு மதிப்பு அதிகம், அதற்கடுத்த நாட்களுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்படியானால் ஏன் குப்புற? வாயு லேசானது, எப்போதும் மேலே போய் நிற்கும். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால் குமிழி கண்ணின் உச்சிக்குப் போகும், முகத்தைத் தரையை நோக்கிக் கவிழ்த்தால் கண்ணின் பின்பக்கம் மேலே வருவதால் சரியாக மாக்குலாவின் மேல் போய் உட்காரும். முதல் நாட்களில் கண் ஏறக்குறைய முழுவதும் வாயுதான், ஆகவே நிமிர்ந்து இருந்தாலும் மாக்குலா மூடித்தான் இருக்கும். சிறிய ஓட்டைகளுக்கு இதுவே போதும். பல மருத்துவர்கள் சிறிய ஓட்டை உள்ளவர்களைக் குப்புறப் படுக்கவே சொல்வதில்லை. 400 மைக்ரானுக்கு மேற்பட்ட ஓட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 2020இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் குப்புற இருந்தவர்களில் 95.5 சதவீதம் பேருக்கும், நேரே பார்த்தபடி இருந்தவர்களில் 85.6 சதவீதம் பேருக்கும் ஓட்டை மூடியது. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை அந்த ஆய்வால் முழுதாக விலக்க முடியவில்லை. ஆனால் குப்புற இருந்தவர்களுக்குப் பார்வையும் சற்று நன்றாக வந்திருந்தது. என் கண்ணாக இருந்தால் நான் குப்புற இருப்பேன்.

அந்த எட்டு மணி நேரத்தைக் கவனியுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் அசையாமல் கிடப்பது என்று நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். உங்கள் சர்ஜன் எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறார் என்று நேராகக் கேளுங்கள். சிலர் ஒரு மணிக்கு ஐம்பது நிமிடம் வேண்டும் என்பார்கள். அப்படியானாலும் சாப்பிட, கழிப்பறை போக, சொட்டு மருந்து விட, கழுத்தைத் தளர்த்த என்று மணிக்கு ஐந்து பத்து நிமிடம் உங்களுடையது. இன்னொன்று, தரைக்கு இணையாக இருக்க வேண்டியது முகம் மட்டும்தான், உடம்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்து செய்யலாம், நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கலாம்.

உங்களைப் போலவே கழுத்துத் தொந்தரவு இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தவர், வயது 66. 5837 என்று எழுதியிருந்தால் 5ம் 7ம் மட்டும் தெரிகிறது, நடுவில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்குகின்றன என்று வந்தார். இடது கண்ணில் 480 மைக்ரான் ஓட்டை, பார்வை 6/60, அதாவது இயல்பான கண் அறுபது மீட்டரில் படிக்கும் எழுத்தை அவரால் ஆறு மீட்டரில்தான் படிக்க முடிந்தது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இருபது நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது என்று சோர்ந்துபோய் வந்தார். எப்படி உட்கார்ந்தார் என்று செய்து காட்டச் சொன்னபோது காரணம் தெரிந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் மடக்கி, மோவாயை நெஞ்சில் அழுத்தியிருந்தார். தலையின் முழுப் பாரமும் பிடரித் தசையில் தொங்கினால் யாருக்குத்தான் வலிக்காது?

நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்து, மேசை விளிம்பில் கெட்டியான தலையணை வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து நெஞ்சை அதன் மேல் கிடத்தச் சொன்னேன். நெற்றிக்குத் துண்டைச் சுருட்டி வளையமாக வைத்தோம், கண்ணும் மூக்கும் வளையத்தின் காலி இடத்தில் இருக்கும்படி. தலையின் பாரம் நெற்றியில் இறங்கியதும் கழுத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அப்படி முக்கால் மணி நேரம் இருக்க முடிந்தது. நீங்களும் ஆபரேஷனுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். மேசை உயரம் போதாவிட்டால் இன்னொரு தலையணை வையுங்கள். படுத்துக்கொண்டு செய்வதானால் நெஞ்சுக்கடியில் தலையணை கொடுத்து, முகம் மட்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே வருமாறு நெற்றியை ஒரு ஸ்டூலில் தாங்க வேண்டும். மாற்றி மாற்றி இருங்கள். எந்த நிலையிலும் ஆபரேஷன் ஆன கண்ணின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது, அது முக்கியம்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவருக்குக் கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. இது எல்லோருக்கும் அப்படித்தான். வாயு நிறைந்த கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் இருந்த பார்வையும் போயிற்றே என்று அழுதுவிடுகிறார்கள். கண் அழுத்தம் இயல்பாக 21க்குள் இருக்க வேண்டியது 28 இருந்தது, கூடுதலாக ஒரு சொட்டு மருந்து போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன என்று போன் செய்தார். முழங்கைகளை மேசையில் ஊன்றி முகத்தைக் கையில் ஏந்தியபடி நீண்ட நேரம் இருந்திருக்கிறார். முழங்கையின் உட்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியதன் அறிகுறி அது. குப்புற இருப்பவர்களுக்கு வரும் தொந்தரவுகளில் இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை, விட்டால் பல மாதம் நீடிக்கும். முழங்கை ஊன்றுவதை நிறுத்தி, முன்கை முழுவதையும் மெத்தென்று கிடத்தச் சொன்னேன். ஒரே நாளில் சரியாயிற்று. கால்களும் அப்படித்தான், மணிக்கொரு முறை எழுந்து நான்கு எட்டு நடந்து, கெண்டைக்கால் தசையை அசைக்க வேண்டும். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு உங்களுக்கு இருந்தால் அதைச் சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் விழித்தபோது மல்லாந்து படுத்திருந்தாராம். எல்லாம் கெட்டுவிட்டது என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். ஒரு தடவை அப்படி ஆவதால் ஓட்டை திறந்துவிடாது. ஆனால் மல்லாந்து படுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை என்பது உண்மை. குமிழி முன்னால் வந்து லென்ஸில் மோதும், கண்புரை வேகமாக வரும், கண் அழுத்தமும் ஏறலாம், மாக்குலாவோ திரவத்தில் மூழ்கிவிடும். அதனால் வாயு கரையும் வரை, ஐந்து நாள் முடிந்த பிறகும், மல்லாந்து படுக்கக் கூடாது. இரவில் ஒருக்களித்துப் படுக்கலாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் உருட்டுத் தலையணையை வைத்துக்கொண்டால் தூக்கத்தில் புரள முடியாது.

சரியான நிலையில் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. குமிழி கொஞ்சம் சுருங்கிய பிறகு அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். குப்புற இருக்கும்போது அது பார்வையின் நடுவில் ஒரு வட்டமாக நின்றால் நிலை சரி. வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் முகம் சாய்ந்திருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்காரும்போது பார்வையின் மேற்பகுதியில் தெளிவும், கீழே தளும்பும் இருட்டும், இடையே நீர்மட்டம் போல ஒரு கோடும் தெரியும். கண்ணில் பிம்பம் தலைகீழாக விழுவதால், உச்சியில் இருக்கும் குமிழி உங்களுக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது. அந்தக் கோடு நாளுக்கு நாள் இறங்கும். நடுப்பார்வைக்கு மேலே அது நிற்கும்வரை நிமிர்ந்திருந்தாலும் மாக்குலா வாயுவின் மறைவில்தான் இருக்கிறது. நடுவைத் தாண்டி இறங்கிவிட்டால் நிமிரும்போது மாக்குலா நனைகிறது என்று பொருள். இது சீக்கிரமே, மூன்றாம் நாளுக்குள்ளேயே நடந்துவிட்டால் சர்ஜனுக்குத் தெரிவியுங்கள். வாயு குறைவாக நின்றிருக்கலாம். கடைசியில் குமிழி ஒரு சின்ன உருண்டையாகிப் பார்வையின் அடியில் உருண்டு ஒருநாள் காணாமல் போகும். சில சமயம் இரண்டு மூன்றாகவும் உடையும், பயப்பட வேண்டாம்.

அவருக்குப் போட்டது எஸ்எஃப்6 என்ற வாயு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். சி3எஃப்8 என்பது ஆறிலிருந்து எட்டு வாரம் வரை நிற்கும். உங்களுக்கு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் வாயு இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது, உயரமான மலைகளுக்குப் போகக் கூடாது. வெளியே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே குமிழி விரிந்து கண்ணின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். அதேபோல வேறெதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், பல் வைத்தியரிடம்கூட, கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு குமிழிக்குள் புகுந்து அதைச் சட்டென்று பெரிதாக்கிவிடும். இதனால் பார்வை நிரந்தரமாகப் போன சம்பவங்கள் உண்டு. கையில் ஒரு அடையாளப் பட்டை கட்டி அனுப்பினால் வாயு போகும்வரை அதைக் கழற்றாதீர்கள்.

பதினான்காம் நாள் அவருடைய ஸ்கேனில் ஓட்டையின் இரு கரையும் சேர்ந்திருந்தன. அடியில் மட்டும் மெல்லிய இடைவெளி இருந்தது, அது ஆறு மாதத்தில் நிரம்பியது. மூன்றாம் மாதம் பார்வை 6/24. பிறகு மெல்ல மங்கியபோது ஓட்டை திறந்துவிட்டதோ என்று பயந்தார், கண்புரைதான். விட்ரெக்டமிக்குப் பிறகு ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்குள் கண்புரை முற்றிவிடும். ஒன்பதாம் மாதம் அதை எடுத்தோம், ஒரு வருட முடிவில் 6/12. எண்கள் இப்போது நான்கும் தெரிகின்றன. நடுவில் மட்டும் ஒரு சின்ன நெருக்கம் இன்னும் இருக்கிறது என்கிறார். உங்களுக்கும் நெளிவு முற்றிலும் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலும் குறையும், வளைந்தது நிமிரும், விட்டுப்போன எழுத்து திரும்ப வரும், ஆனால் பழைய கண் அப்படியே திரும்புவது அரிது. உங்களுக்கு ஏற்கெனவே கண்புரை ஆரம்பித்திருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். உங்கள் வயதில் அது நியாயமான கேள்வி.

ஒத்திகை பார்த்தும் உங்கள் கழுத்தால் முடியவே முடியவில்லை என்றால் அதை மறைக்காமல் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் நிற்கும் வாயுவைப் போட்டுக் குப்புற இருக்கும் நேரத்தைக் குறைக்கலாம், சவ்வை மடித்து மூடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சற்றும் முடியாதவர்களுக்குச் சிலிக்கான் எண்ணெய் நிரப்புவதுண்டு, ஆனால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்பதால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். முன்பே தெரிந்தால் சர்ஜன் திட்டத்தை மாற்றிக்கொள்வார், ஆபரேஷன் முடிந்த பிறகு தெரிந்தால் அவரால் செய்யக்கூடியது குறைவு. முதல் முயற்சியில் மூடாமல் போனாலும் இரண்டாவது முறை செய்து மூடக்கூடிய ஓட்டைகள் பல.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் உறுத்தலும் சிவப்பும் நீரும் இருக்கும், அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைவதற்குப் பதிலாக வலி ஏறினால், தலைவலியோடு வாந்தி வந்தால், நேற்றுத் தெரிந்த கை அசைவு இன்று தெரியாமல் போனால், இரவென்றும் பாராமல் அன்றே போய்க் காட்டுங்கள். முதலிரண்டும் கண் அழுத்தம் ஏறியதாக இருக்கலாம், வலியோடு பார்வை சட்டென்று குறைவது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். தொற்று அரிதுதான், ஆனால் அங்கே மணிக்கணக்கில் தாமதித்தாலே பார்வை பறிபோகும். வாயு கரைந்த பிறகு ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் படர்ந்தால் ரெட்டினா விலகியிருக்கலாம், அதற்கும் உடனே போக வேண்டும்.

இடது கண்ணையும் ஸ்கேன் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கண்ணில் கூழ் ஏற்கெனவே ரெட்டினாவைவிட்டு முழுதாகப் பிரிந்திருந்தால் அங்கே ஓட்டை விழும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் சுமார் பத்தில் ஒருவருக்கு விழுவதுண்டு. அப்படி இருந்தால் வாரம் ஒருமுறை வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் கதவு நிலையையோ கட்டம் போட்ட தாளையோ பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும், வலது கண்ணில் இது எப்போது ஆரம்பித்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கோடு லேசாக நெளிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். அந்த நிலையில் ஓட்டை சிறியதாக இருக்கும், ஒருவேளை குப்புறப் படுக்கவே வேண்டியிருக்காது.